லாரிக்குச் செலவு குறைந்த வேகம்: வகைக்கெழு பூஜ்ஜியமே ஆகவில்லை, எங்கே தப்பு?

முகில்_22

வணக்கம். நுண்கணிதப் பயிற்சியில் ஒரு கணக்கு இரண்டு நாளாக உதைக்கிறது.

ஒரு லாரி 600 கி.மீ. போக வேண்டும். மணிக்கு v கி.மீ. என்று சீரான வேகத்தில் ஓடினால், ஒரு மணி நேரத்தில் அது குடிக்கும் டீசல் இத்தனை லிட்டர்:

```
f(v) = 2 + 0.17v + 0.00002v³
```

டிரைவருக்கு மணிக்கணக்கில் சம்பளம். டீசல் விலை, சம்பளம் இரண்டையும் பணமாகக் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரச் சம்பளம் 3 லிட்டர் டீசலின் விலைக்குச் சமம் என்று மட்டும் கொடுத்திருக்கிறார்கள். 80-க்கு மேல் ஓட்டக் கூடாது. டீசலும் சம்பளமும் சேர்ந்த செலவு மிகக் குறைய என்ன வேகத்தில் போக வேண்டும் என்பது கேள்வி.

நான் இரண்டையும் கூட்டினேன். 5 + 0.17v + 0.00002v³ வந்தது. வகையிட்டால் 0.17 + 0.00006v². இது எந்த v-க்கும் பூஜ்ஜியம் ஆகாது! வேகம் குறையக் குறையச் செலவும் குறைந்துகொண்டே போகிறது. அப்படியானால் லாரியை நிறுத்தி வைப்பதுதான் விடையா?

பதினாறுசக்கரம்

எந்த லாரி, எத்தனை கியர் என்று சொல்லாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? பச்சைப் பட்டையில் ஆர்பிஎம் முள்ளை வைத்து டாப் கியரில் விட்டால் மைலேஜ் தானாக வரும். இதற்கு எதற்கு வகைக்கெழு?

முகில்_22

அண்ணே, இது பரீட்சைக் கணக்கு. லாரி என்னிடம் இல்லை.

நேர்கோடு

தப்பு எங்கே என்று தெரிகிறது. நீங்கள் மணிக்கு எவ்வளவு டீசல் என்று பார்க்கிறீர்கள். கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். f-ஐ v-ஆல் வகுங்கள்:

```
f(v)/v = 2/v + 0.17 + 0.00002v²
```

வகையிட்டுப் பூஜ்ஜியம் ஆக்கினால் v³ = 50000, v சுமார் 36.8. மிகக் குறைந்த டீசலில் 600 கி.மீ. போய்ச் சேரும் வேகம் இதுதான். மணிக்கு 3 என்கிற சம்பளம் மாறிலி. மாறிலியை வகையிட்டால் பூஜ்ஜியம், அதனால் அது கணக்கில் வராது. விடை 36.8.

கனமூலம்

நேர்கோடு பாதித் தூரம் சரியாக வந்துவிட்டு, திருப்பத்தில் வழி தவறிவிட்டார்.

முகில், உங்கள் கேள்வியிலேயே ஒரு துப்பு இருந்தது. 600 கி.மீ. என்று கொடுத்தும் நீங்கள் அதை எங்கேயுமே தொடவில்லை. நீங்கள் எழுதியது ஒரு மணி நேரச் செலவு. நிற்கிற லாரிக்கு மணிச் செலவு குறைவுதான், ஆனால் அது ஊர் போய்ச் சேராது. குறைக்க வேண்டியது ஒரு நடையின் மொத்தச் செலவு. நடைக்கு 600/v மணி நேரம் ஆகும். உங்கள் மணிச் செலவு முழுவதையும் அதால் பெருக்குங்கள். சம்பளத்தின் 3-ஐ வெளியே விடாதீர்கள். அது மணிக்கு மாறிலி, நடைக்கு மாறிலி அல்ல. வேகம் குறைந்தால் அதே 3-ஐ அதிக மணி நேரத்துக்குக் கொடுக்க வேண்டுமே.

```
T(v)  = (600/v)(5 + 0.17v + 0.00002v³)
      = 3000/v + 102 + 0.012v²
T'(v) = -3000/v² + 0.024v
```

T' பூஜ்ஜியம் என்றால் v³ = 125000. விடை சரியாக 50. இரண்டாம் வகைக்கெழு 6000/v³ + 0.024. இது எப்போதும் நேர்மறை, அதனால் 50-ல் இருப்பது மீச்சிறு மதிப்புதான். அதைத் தவிர வேறு பள்ளம் கிடையாது.

மொத்தம் 60 + 102 + 30 = 192. அதாவது 192 லிட்டர் டீசல் வாங்கும் பணம். அதில் 156 நிஜமாகவே டேங்கிலிருந்து போவது, மீதி 36 டிரைவருக்கு 12 மணி நேரச் சம்பளம்.

நேர்கோடு சொன்ன 36.8-ல் ஓட்டிப் பார்ப்போம். டீசல் சுமார் 151 லிட்டர்தான், 5 லிட்டர் மிச்சம். ஆனால் நடை 16.3 மணி நேரம் இழுக்கும். சம்பளத்தில் கிட்டத்தட்ட 13 லிட்டர் கூடிவிடும். ஐந்தைச் சேமிக்கப் பதின்மூன்றைக் கொடுத்த கதை.

நேர்கோடு

ஒப்புக்கொள்கிறேன். சம்பளத்தை v-ஆல் வகுக்க மறந்துவிட்டேன். ஆனால் ஒன்று. 600-ஐத் தொடவில்லை என்று குறை சொன்னீர்கள். கடைசியில் அந்த 600 அடிபட்டுத்தானே போனது? 6000 கி.மீ. என்றாலும் விடை 50 தானே?

கனமூலம்

ஆமாம், 50 தான். தூரம் T முழுவதையும் பெருக்குகிற ஒரு எண். பள்ளத்தின் ஆழம் மாறும், இடம் மாறாது. ஆனால் நடை என்று நினைத்திருந்தால்தான் 600/v-ஆல் பெருக்கத் தோன்றியிருக்கும், அதைத்தான் சொன்னேன்.

தூரத்தைவிட எனக்குச் சுவாரசியமானது நடுவில் அசையாமல் நிற்கிற அந்த 102. அது சக்கரம் உருள்வதில் போகிற டீசல். டயர் நசுங்கி நிமிர்வதற்கான இந்தச் செலவு ஓரளவுக்கு எடையை மட்டுமே பார்க்கும், வேகத்தைப் பார்க்காது. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதுதான், ஆனாலும் வேகத்தைத் தீர்மானிப்பதில் அதற்கு ஒரு ஓட்டுகூட இல்லை. சண்டை முழுக்க மற்ற இரண்டுக்கும் நடுவில்தான். மெதுவாகப் போனால் நேரச் செலவு ஏறும், வேகமாகப் போனால் காற்றுத் தடை ஏறும்.

டீசல்வாசம்

நான் லாரி வைத்து ஓட்டுகிறவன். கணக்கு பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. எடைக்கு ஓட்டு இல்லை என்பதை மட்டும் ஏற்க முடியாது. முழு லோடு ஏற்றினால் டீசல் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். காலி வண்டியும் லோடு வண்டியும் ஒரே வேகத்திலா போகும்?

கனமூலம்

டீசல் அதிகம் போகும், அதில் சந்தேகமே இல்லை. லோடை இறக்கினால் 0.17 என்பது 0.10 ஆகலாம், 102 என்பது 60 ஆகும். பில் நன்றாகக் குறையும். ஆனால் லோடு வண்டியை 50-லிருந்து 60-க்கு ஏற்றினால் கூடுகிற செலவும், காலி வண்டியை அப்படி ஏற்றினால் கூடுகிற செலவும் ஒன்றேதான், ஏனென்றால் இரண்டுக்கும் முகப்பு ஒன்றே, காற்றும் ஒன்றே. சமதளத்தில், சீரான வேகத்தில் ஓடும் வரை இது பொருந்தும். மேட்டுச் சாலையில் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

வேகத்தை மாற்றுகிற லோடு ஒன்று உண்டு. கனமான லோடு அல்ல, உயரமான லோடு. பஞ்சுப் பொதியை அடுக்கி, கேபினுக்கு மேலே இரண்டு ஆள் உயரம் நிற்கிறது என்று வையுங்கள். எடை குறைவு, ஆனால் காற்று வாங்கும். 0.00002 என்பது 0.00003 ஆகிவிட்டால் v³ = 5/0.00006, வேகம் 50-லிருந்து சுமார் 43.7-க்கு இறங்கும். இரும்புக் கம்பி ஏற்றினால் வேகத்தைக் குறைத்துவிட்டு, பஞ்சு ஏற்றினால் பறக்கிறவர்கள் உண்டு. சமதளத்தில், டீசல் கணக்குப்படி, அது தலைகீழ். பிரேக் தூரம் வேறு விஷயம், அதை இதோடு கலக்கவில்லை.

பதினாறுசக்கரம்

கம்பி லோடை இறக்கத்தில் பிடித்து நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும் யார் தலைகீழ் என்று.

டீசல்வாசம்

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் மணிக்கணக்கில் சம்பளம் கொடுப்பதில்லை. ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேசிவிடுவேன். டிரைவர் 8 மணி நேரத்தில் போனாலும் 15 மணி நேரத்தில் போனாலும் ஒரே காசு. அவர் எப்போதும் 80-ஐ விட்டு இறங்குவதில்லை. திட்டியும் பார்த்தாயிற்று. என் வண்டிக்கும் முகில் தம்பி கொடுத்த எண்கள்தான் என்று வைத்துக்கொண்டால், எனக்கு என்ன வேகம் வரும்?

நேர்கோடு

இப்போது நான் சொன்னது சரி! நடைக்கு ஒரே சம்பளம் என்றால் அது 102 மாதிரி மாறிலிதான், வகையிட்டால் காணாமல் போகும். உங்கள் விடை 36.8.

கனமூலம்

இந்தத் தடவை நேர்கோடு சொல்வது சரி. முதலாளிக்கு 36.8. ஆனால் டிரைவர் கணக்கையும் போட்டுப் பாருங்கள். டீசல் காசு அவருடையது அல்ல. கையில் வருகிற பணம் மாறாது. அவர் குறைக்க விரும்புவது 600/v மட்டும். அது வேகம் கூடக்கூடக் குறைந்துகொண்டே போகும், வகைக்கெழு எங்கேயும் பூஜ்ஜியம் ஆகாது. ஆக அவருடைய விடை எல்லையில் இருக்கிறது, 80. அவர் கணக்கை அவர் சரியாகவே போட்டிருக்கிறார், அதனால்தான் நீங்கள் திட்டி ஒன்றும் நடக்கவில்லை.

மிச்சமாகும் டீசலில் அவருக்குப் பங்கு கொடுத்தால் என்ன ஆகும்? அவருடைய ஒரு மணி நேரம் அவருக்கு 3 லிட்டர் பெறும் என்று வைத்துக்கொள்வோம். 80-ல் நடை 7.5 மணி நேரம், டீசல் 193.8 லிட்டர். 60-ல் 10 மணி நேரம், 165.2 லிட்டர். இறங்கி ஓட்டினால் அவருக்கு 2.5 மணி நேரம் நஷ்டம், அதாவது 7.5 லிட்டர். உங்களுக்கு லாபம் 28.6 லிட்டர். இரண்டுக்கும் நடுவில் எந்த எண்ணைப் பேசி முடித்தாலும் இருவருக்கும் லாபம்.

அடுத்து 60-லிருந்து 50. அவருக்கு இன்னும் 2 மணி நேரம், 6 லிட்டர். உங்களுக்கு 9.2 லிட்டர் மிச்சம். பேரத்துக்கு இடம் சுருங்கிவிட்டது, ஆனால் இருக்கிறது.

அப்புறம் 50-லிருந்து 40. அவருக்கு 3 மணி நேரம், 9 லிட்டர். உங்களுக்கு மிச்சம் 4.8 தான். இப்போது நீங்கள் மிச்சம் முழுவதையும் கொடுத்தாலும் அவருக்குக் கட்டாது. பேரம் இங்கே நின்றுவிடும்.

கவனித்தீர்களா, யாரும் வகையிடவில்லை, ஆனால் பேரம் 50 பக்கத்தில் போய் நிற்கிறது. வேகத்தை ஒரு சொட்டு குறைத்தால் மிச்சமாகும் டீசலும், அதனால் வீணாகும் நேரத்தின் விலையும் சமமாகிற இடம் எது என்றுதான் T' = 0 கேட்கிறது.

முகில்_22

சார், வகுப்பில் "பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்து" என்று மட்டும்தான் சொன்னார்கள். இப்போதுதான் எதை எதற்குச் சமப்படுத்துகிறோம் என்று தெரிகிறது.

ஒரு சந்தேகம். வழியில் 2 மணி நேரம் நெரிசலில் மாட்டிக்கொண்டால்? மீதித் தூரத்தில் வேகத்தைக் கூட்டி ஈடுகட்ட வேண்டாமா?

கனமூலம்

வேண்டாம். போன 2 மணி நேரத்துக்கு 6 லிட்டர் சம்பளமும், எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றிருந்தால் கொஞ்சம் டீசலும் போய்விட்டது. இனி எந்த வேகத்தில் போனாலும் அது திரும்ப வராது. T-யில் ஒரு மாறிலி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். மீதித் தூரத்துக்கும் 50 தான். இவ்வளவு மணிக்குள் சேராவிட்டால் அபராதம் என்று இருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

இரும்புப்பட்டறை

நான் எஞ்சின் பக்கம் வேலை செய்கிறவன். கணக்கில் குறை இல்லை, கொடுத்த f(v)-யில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த ஒரே வரி 36 முதல் 80 வரைக்கும் பொருந்தும் என்று யார் சொன்னது? டாப் கியரில் ஒரு அளவுக்குக் கீழே வண்டி இழுக்காது, உதறும். கியரைக் குறைத்தாக வேண்டும். குறைத்தவுடன் அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகச் சுற்று சுற்றும், உள் உராய்வு கூடும், கிலோமீட்டருக்கு டீசல் ஒரு படி ஏறும். ஆக நிஜக் கோடு வழுவழுப்பான பள்ளம் அல்ல, கியர் மாறுகிற இடத்தில் எல்லாம் முறிந்து நிற்கும். உங்கள் 36.8 தாளில் மட்டும் இருக்கிற வேகம். 50-கூட வண்டியைப் பொறுத்தது.

பதினாறுசக்கரம் கேட்ட கியர் கேள்வியை எல்லோரும் ஒதுக்கிவிட்டீர்கள். அதில் விஷயம் இருக்கிறது.

பதினாறுசக்கரம்

அப்படிச் சொல்லுங்கள்!

கனமூலம்

நியாயம். கோடு முறிகிறது என்றால் ஒவ்வொரு கியருக்கும் தனித்தனி f எழுதி, ஒவ்வொரு துண்டுக்கும் மீச்சிறு மதிப்பைக் கண்டு, துண்டுகளின் ஓரங்களையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். டாப் கியர் 55-க்குக் கீழே இழுக்காது என்றால், பெரும்பாலும் அந்த ஓரமே, அதாவது 55-ஏ விடையாகலாம். அங்கே வகைக்கெழு பூஜ்ஜியமாக இருக்காது. ஆனால் படி எவ்வளவு உயரம் என்பதை உங்களை மாதிரி ஆட்கள் அளந்துதான் சொல்ல வேண்டும். படி மிகச் சின்னதாக இருந்தால் கீழ் கியரில் 50-ஏ ஜெயிக்கலாம்.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. பள்ளம் மிகவும் தட்டையானது. 50-ல் 192, 60-ல் 195.2, 40-ல் 196.2. இரு பக்கமும் பத்து கி.மீ. தவறினாலும் நஷ்டம் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேலே போவதோடு சரி. 80-ல்தான் 216.3, சுமார் 13 சதவீதம். 50-ஆ 53-ஆ என்று மண்டையை உடைப்பதில் பயன் இல்லை.

இரும்புப்பட்டறை

அளப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. மூன்று வேகத்தில் ஓட்டி, டேங்கை விளிம்பு வரை நிரப்பி அளந்து f(v)-யில் உள்ள மூன்று எண்களையும் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் கிளம்புவார்கள். 40-க்கும் 60-க்கும் டீசல் வித்தியாசமே 14 லிட்டர்தான் என்றால், எதிர்க்காற்று கொஞ்சம் அடித்தாலும் அளவு தப்பிவிடும். போகவும் வரவும் ஒரே சாலையில் ஓட்டிச் சராசரி எடுங்கள், அதையும் பல தடவை. ஒரே தடவை அளந்த எண்ணை வைத்து கனமூலம் எடுக்காதீர்கள். பெயரைச் சொல்லவில்லை.

டீசல்வாசம்

நீங்கள் எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வண்டிக்குக் கடன் தவணை, காப்பீடு என்று மாதாமாதம் போகிறது. அதை மணிக்கு வகுத்தால் டிரைவர் சம்பளத்தைவிட அதிகம் வரும். மணிக்கு 5 லிட்டர் பெறும் என்று வையுங்கள்.

நேர்கோடு

அப்போது 5-க்குப் பதில் 10. v³ = 10/0.00004 = 250000. வேகம் 63. செலவு இரட்டிப்பானாலும் வேகம் 50-லிருந்து 63-க்குத்தான் ஏறுகிறது, கனமூலம் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது. (இங்கே கனமூலம் என்றது கணக்கைத்தான்!)

கனமூலம்

அந்த 5 லிட்டரைச் சேர்க்கலாமா என்பதில் எனக்குத் தயக்கம். தவணை வண்டி ஓடினாலும் போகும், நின்றாலும் போகும். இரண்டு மணி நேரம் முன்னதாக வந்து சேர்ந்து, அடுத்த லோடுக்காக வரிசையில் இரண்டு நாள் நிற்கிறது என்றால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மதிப்பே இல்லை. மிச்சமான நேரத்தில் இன்னொரு நடை கிடைக்கும் என்றால்தான் சேர்க்க வேண்டும். அப்போதும் தவணையை அல்ல, விட்டுப்போகிற நடையின் லாபத்தைச் சேர்க்க வேண்டும்.

டீசல்வாசம்

கிடைக்கிற மாதமும் உண்டு, கிடைக்காத மாதமும் உண்டு. மாதத்துக்கு ஒரு வேகமா வைக்க முடியும்?

கனமூலம்

கணக்கு அப்படித்தான் சொல்லும். வைக்க முடியுமா என்பது உங்கள் பாடு.

முகில்_22

நானே ஒன்று போட்டுப் பார்த்தேன். சம்பளம் மணிக்கு 24 லிட்டர் என்று மாற்றினால் v³ = 26/0.00004 = 650000, v = 86.6. சரியா?

நேர்கோடு

80-க்கு மேல் போகக் கூடாது என்று நீங்கள்தானே முதலில் எழுதினீர்கள்? 86.6 வரை T' எதிர்மறை, அதாவது 80 வரைக்கும் செலவு இறங்கிக்கொண்டே வருகிறது. விடை 80. T'(80) பூஜ்ஜியமாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். பரீட்சையில் மதிப்பெண் போவது இங்கேதான், நான் இழந்திருக்கிறேன்.

டீசல்வாசம்

டிரைவரிடம் பேசினேன். மிச்சமாகும் டீசலில் பாதி தருகிறேன் என்றதும் யோசித்தார். 60-க்குச் சம்மதம், 50-க்கு இல்லை. பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடிப்பான், தாங்க முடியாது என்கிறார். மூன்று லிட்டர்தானே நஷ்டம், விட்டுவிட்டேன். ஆனால் 80-ல் எவ்வளவு போயிருக்கும் என்பதற்கு எந்த எண்ணை வைத்துப் பாதி கொடுப்பது என்று இப்போது தகராறு. அவர் மழைக்காலத்து மைலேஜைக் காட்டுகிறார்.

இரும்புப்பட்டறை

ஈரச் சாலையில் டயர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், டீசல் கூடத்தான் போகும். காய்ந்த சாலையில் 80-ல் இரண்டு நடை ஓட்டி அளந்துவிட்டுப் பேசுங்கள். அந்த இரண்டு நடைக்கு நீங்களும் கேபினில் உட்காருங்கள்.